மாமாவுக்கு நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது: வயசானால் பசி ஏன் குறைகிறது?

தங்கச்சிமடம் மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மாமாவுக்கு 79 வயது. நாட்டுப்படகில் தொழில் பார்த்தவர், எழுபது தாண்டும் வரைக்கும் கடலுக்குப் போனவர். கரைக்கு வந்தால் தட்டு நிறையச் சோறும் விளைமீன் குழம்பும் போட்டு, மறுசோறும் கேட்பார். இப்போது நாலு வாய் எடுத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு "போதும்மா, நெஞ்சு வரைக்கும் நிக்குது" என்கிறார். மூன்று நாலு வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துதான் வந்தது. ஐப்பசியில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார், அதற்கப்புறம் ரொம்பவே மோசம். போன ஆடியில் 52 கிலோ இருந்தவர், இந்தத் தையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்துப் பார்த்தால் 48.5.

என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "மருமக கையால சாப்பிட்டா இப்படித்தான்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அது கிடக்கட்டும். வயசானால் பசி குறையும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் ஏன் குறைகிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. உடம்புக்குள் என்ன மாறுகிறது? எது வரைக்கும் இயல்பு, எதற்கு மேல் நோய்?

சாயல்குடி செல்வம்

தங்கச்சி, இதில் பயப்பட ஒன்றுமில்லை. துடுப்புப் போட்டு வலை இழுத்த உடம்பு இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. உழைப்பு இல்லை என்றால் சோறு எதற்கு? சதை வற்ற வற்ற உடம்பு செலவழிக்கிறதும் குறையும், அதற்கேற்ற மாதிரிப் பசியும் குறையும். இயற்கை போட்ட கணக்கு அது. எங்கள் அப்பாவும் கடைசி காலத்தில் ஒரு கிண்ணம் கஞ்சியில் நாளை ஓட்டினார். வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள்.

ஏர்வாடி மெடிக்கல்ஸ்

கடையில் தினமும் இரண்டு பேராவது இதையேதான் கேட்டு வருகிறார்கள். பசிக்கு ஒரு சிரப் இருக்கிறது, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் இரண்டு ஸ்பூன். ஒரு வாரத்தில் தெரியும். பிள்ளைகளுக்கும் அதைத்தான் கொடுக்கிறோம்.

தொண்டி வாத்தியார்

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வைத்தியம் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன, அதனால் மருந்து எழுத மாட்டேன். ஆனால் "உள்ளே என்ன மாறுகிறது" என்பது என் பாடம்.

செல்வம் சொன்னதில் பாதி சரி. அறுபதுக்கு மேல் உடம்பின் மொத்தச் செலவு குறைந்துகொண்டே வருகிறது, தசை குறைவது அதற்கு ஒரு காரணம். ஆனால் பசி அந்தச் செலவுக்குச் சமமாகக் குறைந்தால் எடை அப்படியே நிற்க வேண்டும். இங்கே எடை இறங்குகிறது. வரவு செலவைவிட வேகமாகக் குறைகிறது என்றுதானே அர்த்தம்? அதை "இயற்கை போட்ட கணக்கு" என்று விட முடியாது.

மருமகளே, நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான தடயம் இருக்கிறது. "நாலு வாய் எடுத்ததும்" என்கிறீர்கள். சாப்பிட உட்காரும்போதே வேண்டாம் என்கிறாரா, அல்லது ஆசையாக ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துகிறாரா? இரண்டும் வேறு வேறு சங்கதி. முதலாவது என்றால் மூக்கு, மனசு, மருந்து, உள்ளே இருக்கும் காய்ச்சல் ஆகிய பக்கம் தேட வேண்டும். இரண்டாவது என்றால் முதலில் வயிற்றைப் பார்க்க வேண்டும்.

தங்கச்சிமடம் மருமகள்

ஐயா, ஆசையாகத்தான் உட்காருகிறார். "இன்னைக்கு என்ன மீனு?" என்று காலையிலேயே கேட்பார். கருவாடு வறுத்தால் வாசனைக்கு எழுந்தே வந்துவிடுவார், அன்றைக்கு மட்டும் இரண்டு வாய் கூடுதலாக இறங்கும். ஆனால் சீக்கிரமே நிறைந்துவிட்டது என்கிறார். ஏப்பம் விடுகிறார்.

தொண்டி வாத்தியார்

சரி, அப்படியென்றால் வயிற்றிலிருந்தே தொடங்குவோம்.

இரைப்பையின் மேல்பாதி சாப்பாடு வர வர இளகிக் கொடுக்கும், சுருக்குப்பையின் கயிற்றைத் தளர்த்தினால் விரிகிற மாதிரி. முதல் கவளம் தொண்டையில் இறங்கும்போதே நரம்பு வழியாக "இளகு" என்று உத்தரவு போய்விடும். அதனால்தான் நல்ல வயசில் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே போனாலும் அழுத்தம் அவ்வளவாக ஏறுவதில்லை. வயசானால் இந்த இளக்கம் குறைகிறது. அங்கே தசையைத் தளர்த்துகிற நைட்ரிக் ஆக்சைடு முன்பு மாதிரி சுரப்பதில்லை என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மேல்பாதி இடம் கொடுக்காததால் சாப்பாடு சீக்கிரமே கீழ்பாதிக்குத் தள்ளப்படுகிறது. கீழ்பாதி விரிந்ததும் "நிறைந்துவிட்டது" என்ற செய்தி மூளைக்குப் போகும். ஆக, மாமா சொல்கிற "நெஞ்சு வரைக்கும் நிக்குது" சாக்கு இல்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது.

அப்புறம் இரண்டாவது சங்கதி. சாப்பாடு சிறுகுடலுக்கு வந்ததும், முக்கியமாகக் கொழுப்பும் புரதமும் வந்ததும், குடல் சுவரிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. நாங்கள் வகுப்பில் சி.சி.கே. என்போம். இரைப்பை காலியாவதை அது மெதுவாக்கும், மூளைக்கு "போதும்" என்றும் சொல்லும். வயசானவர்களின் ரத்தத்தில் இது வெறும் வயிற்றிலேயே கூடுதலாக இருக்கிறது. வெளியிலிருந்து ஏற்றிப் பார்த்த சோதனையிலும் இளையவர்களைவிட அவர்களுடைய சாப்பாடு அதிகமாகவே குறைந்தது. காது மந்தமாகிறது, கண் மங்குகிறது, ஆனால் "போதும்" என்ற இந்த ஒரு குரல் மட்டும் வயசில் உரக்கக் கேட்கிறது.

கீழக்கரை காசிம்

எங்கள் உம்மாவுக்கும் இதே கதைதான், ஆனால் வேறு மாதிரி. கொரோனா வந்து போன பிறகு வாசனை போய்விட்டது. 74 வயது. பிரியாணி தம்மைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் மணக்கும், உம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "என்ன ஆக்குறீங்க?" என்று கேட்பார். சாப்பிட உட்காரவே பிடிப்பதில்லை. உப்பு, புளிப்பு தெரிகிறது, மற்றதெல்லாம் சக்கை மாதிரி இருக்கிறதாம். அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் காரணம் மூக்குதானே? அந்தப் பெரியவர் கருவாட்டுக்கு எழுந்து வருவதும் வாசனையால்தானே?

தொண்டி வாத்தியார்

உங்கள் உம்மாவுக்கு மூக்குதான் காரணம், காசிம். கிருமி அடித்த மூக்கு வேறு, வயசால் மங்குகிற மூக்கு வேறு என்றாலும் பலன் ஒன்றுதான். வயசில் நாக்கைவிட மூக்குதான் அதிகம் இழக்கிறது. மூக்கின் உச்சியில் வாசனை பிடிக்கும் நரம்பணுக்கள் வாழ்நாள் முழுக்கச் செத்துச் செத்துப் புதிதாக முளைப்பவை, அந்த முளைப்பு வயசில் மந்தமாகிறது. 1984-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், 65 முதல் 80 வயது வரை உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் வாசனை அறியும் திறன் கணிசமாகக் குறைந்திருந்தது, 80-ஐத் தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல். இதில் பலருக்கும் அது குறைந்ததே தெரியாது, மருமகள் சமையலைத்தான் குறை சொல்வார்கள்.

இந்த மாமாவுக்கும் ஓரளவு மூக்குக் குறை இருக்கலாம். லேசான மணம் எட்டாமல் கருவாட்டின் கடுமையான மணம் மட்டும் எட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மூக்கு மட்டும்தான் என்றால் நாலு வாய்க்குப் பிறகு "நிறைந்துவிட்டது" என்று சொல்ல மாட்டார், "பிடிக்கவில்லை" என்றுதான் சொல்வார்.

பரமக்குடி பாலா

எனக்கும் இதே பிரச்சினை. வயது 34. காலையில் பசியே இல்லை, நெஞ்செரிச்சல், ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டால்தான் தூக்கம் வருகிறது. எனக்கும் அந்த சி.சி.கே. கூடியிருக்குமா? எங்கே டெஸ்ட் எடுக்கலாம்?

மண்டபம் சிஸ்டர்

தம்பி பாலா, ராத்திரிப் பரோட்டாவை எட்டு மணிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். இது வயசானவர்கள் இழை.

மருமகளுக்கு வருகிறேன். நான் அரசு ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்தவள். முதலில் அந்த சிரப். பசிக்கு என்று கடையில் கொடுப்பதில் பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின் இருக்கும். பழைய கால அலர்ஜி மருந்து, பசி தூண்டுவது அதன் பக்க விளைவு. 79 வயதுக்காரருக்கு அதைக் கொடுத்தால் வாய் வறளும், மலம் கட்டும், பிராஸ்டேட் வீங்கியிருந்தால் சிறுநீர் அடைக்கும், பகலெல்லாம் தூக்கம், சிலருக்குப் பேச்சுக் குழறிப் புத்தி தடுமாறும். ராத்திரி எழுந்து நடக்கும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். வயசானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இந்த வகை இருக்கிறது. மெடிக்கல்ஸ் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது: என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? ஐப்பசிக் காய்ச்சலுக்குப் பிறகு எதையாவது மாற்றினார்களா? ஒரு நாள் சாப்பாட்டை மணி போட்டு எழுதுங்கள். தண்ணீர், டீ உட்பட.

ஏர்வாடி மெடிக்கல்ஸ்

கோபமில்லை சிஸ்டர். ஆனால் டாக்டர்களே எழுதிக் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள், எழுபது வயதுக்காரர்களுக்கும். எங்களை மட்டும் சொல்வானேன்?

தங்கச்சிமடம் மருமகள்

அக்கா, பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு மெட்ஃபார்மின். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுப்பார்கள், 500 காலையும் இரவும். காய்ச்சலின்போது சுகர் 300-க்கு மேல் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் 1000 காலையும் இரவும் ஆக்கினார்கள். இப்போதும் அதுதான்.

சாப்பாடு இப்படி:
காலை 6 மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும்.
8:30-க்கு இரண்டு இட்லி, சட்னி, மாத்திரை.
12 மணிக்குப் பெரிய சொம்பில் கேப்பைக் கூழ், மோர் ஊற்றி. பலம் வரட்டும் என்று நான்தான் கொடுக்கிறேன்.
1 மணிக்குச் சோறு. பசி தூண்டும் என்று முதலில் ஒரு டம்ளர் ரசம், அப்புறம் சோறு, குழம்பு, மீன். மீனில் முள் எடுத்துக் கொடுத்தால் ஒரு துண்டு சாப்பிடுவார்.
4:30-க்கு டீ.
இரவு 8-க்கு ஒரு இட்லி, அல்லது கஞ்சித் தண்ணி, மாத்திரை.

மண்டபம் சிஸ்டர்

இதைத்தான் எதிர்பார்த்தேன். காய்ச்சல் என்றால் யாருக்கும் சுகர் ஏறும். அப்போது ஏற்றிய அளவைக் காய்ச்சல் போனபின் மறுபடி பார்க்க யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மெட்ஃபார்மின் அளவு கூடினால் பசி மந்தமாகும், சிலருக்குக் குமட்டும், வாயில் இரும்பு நக்கின ருசி இருக்கும். சாப்பாடும் குறைந்திருக்கிறது, எடையும் குறைந்திருக்கிறது, மாத்திரை மட்டும் இரண்டு மடங்கு. நீங்களாக நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றுச் சுகர், சாப்பிட்ட பின் சுகர், மூன்று மாதச் சராசரி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் எல்லாம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "காய்ச்சலில் ஏற்றியது, இப்போதும் வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

எடைக் கணக்கு: 52-இல் 3.5 போயிருக்கிறது, நூற்றுக்கு 6.7. ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு 5 குறைந்தாலே, அவருக்கு 2.6 கிலோ, காரணம் தேட வேண்டும். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அதனால் "வயசுதானே" என்று விடாமல் ஹீமோகுளோபின், தைராய்டு, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். நம்மூரில் மெலிந்த பெரியவர் என்றால் காசநோயையும் மறக்கக் கூடாது, இருமல் லேசாக இருந்தாலும் சளி கொடுத்துப் பார்க்க வேண்டும். முழுங்கும்போது சிக்குகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, பல்செட் ஆடுகிறதா, வாயில் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

சாயல்குடி செல்வம்

79 வயதில் இத்தனை டெஸ்டா? காய்ச்சலில் மெலிந்தவர் தேறிவிடுவார். நாமெல்லாம் டைபாய்டு வந்து படுத்து எழுந்ததும் அகோரப் பசி எடுக்கவில்லையா?

தொண்டி வாத்தியார்

செல்வம், நீங்கள் சொன்ன அந்த அகோரப் பசிதான் வயசானவர்களுக்கு வருவதில்லை. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

1994-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. இளைஞர்களையும் வயசான ஆண்களையும் மூன்று வாரம் தினமும் சுமார் 750 கலோரி குறைவாகச் சாப்பிட வைத்தார்கள். இரு தரப்புக்கும் எடை குறைந்தது. அதன்பின் "இனி இஷ்டம் போல் சாப்பிடுங்கள்" என்று விட்டார்கள். இளைஞர்கள் வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்டு, இழந்ததை மீட்டுக்கொண்டார்கள். வயசானவர்கள் தங்கள் பழைய அளவுக்குத்தான் திரும்பினார்கள், மீட்கிற அளவுக்குச் சாப்பிடவில்லை. கூடுதலாகச் சாப்பிட வைத்த சோதனையிலும் இதே மாதிரிதான், இளைஞர்கள் தானாகக் குறைத்துக்கொண்டார்கள், வயசானவர்களுக்கு அந்தத் திருத்தம் வரவில்லை. கீழே போனாலும் மேலே போனாலும் பழைய இடத்துக்கு இழுக்கிற விசை தளர்ந்துவிட்டது.

அதனால்தான் பெரியவர்களின் எடை வருஷக்கணக்கில் ஒரே சீராக இறங்குவதில்லை. காய்ச்சல், கீழே விழுந்து படுத்தது, மனைவி இறந்த துக்கம் என்று ஒவ்வொரு அடியிலும் ஒரு படி இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. மாமாவின் கதையும் அதுதான். போதாததற்கு, வயசில் உடம்புக்குள் அழற்சி ரசாயனங்கள் எப்போதும் லேசாகக் கூடியே இருக்கும், கிருமி வந்தால் இன்னும் ஏறும். காய்ச்சலில் பசி போவது அவற்றால்தான், நோய் இறங்கிய பிறகும் சிலருக்கு அவை மெதுவாகத்தான் தணிகின்றன. "தேறிவிடுவார்" என்று காத்திருந்தால் தானாகத் தேற மாட்டார், நாம் ஏற்பாடு செய்துதான் தேற்ற வேண்டும்.

தேவிபட்டினம் ரேவதி

ஐயா, கிரெலின் என்று ஒரு பசி ஹார்மோன் இருக்கிறதே, அது வயசில் குறைகிறது என்று படித்தேன். அதைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லை.

தொண்டி வாத்தியார்

வேண்டுமென்றே விட்டேன் அம்மா. சில ஆய்வுகளில் குறைந்திருக்கிறது, சிலவற்றில் அப்படியே இருக்கிறது. மெலிந்தவரா பருத்தவரா என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. சி.சி.கே. அளவுக்கு அது உறுதியான கதை இல்லை.

தேவிபட்டினம் ரேவதி

சரி. இன்னொன்று. கொழுப்புதான் சி.சி.கே.யைத் தூண்டுகிறது என்றீர்கள். அப்படியென்றால் வயசானவர்களுக்கு நெய், தேங்காய்ப்பால் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் நிறையாதா? எங்கள் ஆச்சிக்கு எல்லாரும் நெய்யைத்தான் ஊற்றச் சொல்கிறார்கள்.

தொண்டி வாத்தியார்

நல்ல கேள்வி. வகுப்பில் இருந்திருந்தால் முன் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன்.

ஒரே வேளையில் கொட்டினால் நீங்கள் சொன்னது நடக்கும். ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் நெய்யில் 40-லிருந்து 45 கலோரி. அதே கலோரிக்குச் சோறு என்றால் ஒரு பெரிய கவளம் வேண்டும். இவருக்கோ நாலு கவளம்தான் இடம். அந்த நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்துவிட்டால், நிறைவு சற்று முன்னால் வந்தாலும் மொத்த வரவு லாபம்தான். ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் என்று ஐந்து வேளைக்குப் பிரிக்க வேண்டும், மதியம் நாலு ஸ்பூன் ஊற்றக் கூடாது.

இப்போது மருமகள் எழுதிய பட்டியலுக்கு வருகிறேன். 12 மணிக்கு ஒரு சொம்புக் கூழ், 1 மணிக்கு ஒரு டம்ளர் ரசம், அப்புறம்தான் சோறு. இடம் கொடுக்காத இரைப்பையில் பாதியை நீங்களே சாப்பாட்டுக்கு முன்னால் நிரப்பிவிடுகிறீர்கள், அதுவும் பெரும்பாலும் தண்ணீரால். நல்ல எண்ணத்தில்தான், தெரியும். நீர்ச் சாப்பாடு திடச் சாப்பாட்டைவிடச் சீக்கிரம் இரைப்பையை விட்டு இறங்கும், அதனால் நேரத்தைத் தள்ளி வைத்தால் போதும். கூழைப் பத்தரைக்குள், ஒரு டம்ளர், கெட்டியாக, மோருக்குப் பதில் பால் ஊற்றிக் கொடுங்கள். ரசத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள், ரசம் சோற்றில் பிசைகிற அளவுக்கு மட்டும். தட்டில் முதலில் மீனும் முட்டையும் போகட்டும், இடம் இருக்கும்போதே புரதம் இறங்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது முதியவர்களுக்கான பரிந்துரை, அவருக்கு 50 முதல் 60 கிராம். இப்போதைய பட்டியலில் அதில் பாதிகூட வராது என்று நினைக்கிறேன். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

மண்டபம் சிஸ்டர்

காரல் மீனை அவித்து, முள்ளை எடுத்து, தேங்காய்ப்பாலில் மசித்துக் கொடுங்கள். மெல்லவும் வேண்டாம். கருவாடு ருசிக்கு ஒரு சின்னத் துண்டு போதும், பிரஷர்க்காரருக்கு அந்த உப்பு ஆகாது. மணத்துக்கு மிளகு, பூண்டு, கறிவேப்பிலையைக் கூட்டுங்கள், உப்பைக் கூட்ட வேண்டாம். தாகமும் வயசில் மங்கும், அதனால் தண்ணீரைக் குறைக்கக் கூடாது, சாப்பாட்டுக்கு நடுநடுவே கொடுங்கள். அப்புறம் பெரிய தட்டில் குவித்து வைக்காதீர்கள், பார்த்ததுமே மலைப்பார்கள்.

கீழக்கரை காசிம்

உம்மாவுக்கு முட்டை வாடையே ஆகவில்லை. வாசனை தெரியாது என்கிறார், ஆனால் முட்டை மட்டும் கெட்ட வாடை அடிக்கிறதாம். இது எப்படி?

தொண்டி வாத்தியார்

கொரோனாவுக்குப் பிறகு பலருக்கு அப்படித்தான். நரம்பு மறுபடி முளைக்கும்போது வாசனை திரிந்து வருகிறது. முட்டை, வெங்காயம், வறுத்த இறைச்சி, காபி எல்லாம் அதில் சிக்கும். ஆறியதாக, வறுக்காததாகக் கொடுத்துப் பாருங்கள், தயிர், பாசிப்பயறு மாதிரி. காது மூக்கு தொண்டை டாக்டரையும் ஒருமுறை பாருங்கள்.

தங்கச்சிமடம் மருமகள்

எல்லாருக்கும் நன்றி. டாக்டரிடம் போய் வந்தோம். கிரியாட்டினின் பரவாயில்லை என்றார். சுகர் நன்றாக இறங்கியிருந்ததால் மாத்திரையை மறுபடி 500 காலையும் இரவும் ஆக்கிவிட்டார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சளியிலும் இல்லை, தைராய்டு சரி. ஆனால் ஹீமோகுளோபின் 9.8. "சீக்கிரம் நிறைகிறது, எடையும் குறைகிறது, ரத்தமும் குறைவு, அதனால் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடலாம்" என்றார். மாமா "குழாயெல்லாம் வேண்டாம்" என்று வெளியே வந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தை நீங்கள் சொன்ன மாதிரி மாற்றியிருக்கிறேன். நாலு வாய் ஏழு எட்டு ஆகியிருக்கிறது. எடை 48.9. ஏப்பம் அப்படியேதான் இருக்கிறது.

சாயல்குடி செல்வம்

பார்த்தீர்களா, ஏறுகிறதே. மாத்திரையைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. இனி அவரைக் குழாய் போட்டுப் படுத்த வேண்டாம்.

மண்டபம் சிஸ்டர்

400 கிராம் என்பது காலையில் குடித்த தண்ணீராகவும் இருக்கலாம், வேட்டியின் எடையாகவும் இருக்கலாம். ஒரே மிஷினில், காலையில், வாரம் ஒருமுறை பார்த்து மாதக் கடைசியில் சொல்லுங்கள். மாத்திரை குறைந்ததால் பசி வந்தது சரி, ஆனால் மாத்திரையால் ஹீமோகுளோபின் இவ்வளவு சீக்கிரம் 9.8 ஆகாது. அதற்கு வேறு காரணம் இருக்கிறது. நான் எண்டோஸ்கோப்பி பக்கம்தான்.

தொண்டி வாத்தியார்

நானும்தான். இதுவரை நான் சொன்ன வயசு மாற்றங்கள் எல்லாம் உண்மை, ஆனால் இரைப்பைப் புண்ணும் புற்றும் இதே "சீக்கிரம் நிறைகிறது" என்ற பேச்சோடுதான் வரும். நீண்ட நாள் சுகரால் இரைப்பை நரம்பு மந்தமானாலும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. சோதனை பெரும்பாலும் ஐந்து பத்து நிமிஷம், தொண்டையில் மரத்துப்போக மருந்து அடிப்பார்கள். புண் என்றால் மாத்திரையில் ஆறும். வேறு ஏதாவது என்றால் வைத்தியம் செய்வதா வேண்டாமா என்பதை அப்போதும் அவரே முடிவு செய்யலாம். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டீர்களா?

தங்கச்சிமடம் மருமகள்

கேட்டேன் ஐயா. அவருடைய படகுக் கூட்டாளி ஒருவருக்குக் குழாய் போட்டுப் பார்த்த பிறகு ஆறு மாதத்தில் போய்விட்டாராம். "குழா போட்டாத்தான் கிளறி விடும்" என்கிறார். நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவர் சொன்னால் மாமா கேட்பார். என் சமையலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏர்வாடி மெடிக்கல்ஸ்

அதுவரைக்கும் இரும்புச்சத்து மாத்திரையாவது ஆரம்பிக்கலாமே அக்கா, 9.8-க்கு?

மண்டபம் சிஸ்டர்

டாக்டர் சொன்னால் மட்டும். இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டும், மலம் கட்டும், இப்போது இறங்குகிற ஏழு வாயும் நாலாகிவிடும். மலமும் கறுத்துப் போகும், அப்புறம் உள்ளே ரத்தம் கசிந்து கறுக்கிறதா மாத்திரையால் கறுக்கிறதா என்று தெரியாது. மருமகளே, ஞாயிற்றுக்கிழமைக்குள் மலத்தின் நிறத்தை மட்டும் பார்த்து வையுங்கள். கறுப்பாக, தார் மாதிரி ஒட்டினால் நாத்தனாருக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.